100 கிராம் மாம்பழம், 12 பாதாம்

கேள்வி: எனக்கு டைப் 2 சர்க்கரை நோய். மாம்பழ சீசனில் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடலாம்? பாதாம் சேர்த்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்கிறார்களே, உண்மையா?

ஏறும். ஆனால் மெதுவாக ஏறும், உச்சமும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். பாதாம் செய்வது அவ்வளவுதான். எனக்கும் டைப் 2 தான், 9 வருடமாக மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். போன சீசனில் அளந்து பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அளவு. தோலும் கொட்டையும் போக, 100 கிராம் சதையில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதில் பெரும்பகுதி சர்க்கரை, நார்ச்சத்து 2 கிராம்கூட இல்லை. 300 கிராம் எடையுள்ள பழத்தில் ஏறக்குறைய 200 கிராம் சதை தேறும். ஆக, 100 கிராம் என்றால் பாதிப் பழம். நான் ரொம்ப நாள் 'ஒரு கதுப்புதானே' என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் தராசில் வைத்தால் பெரிய பழத்தின் அந்த ஒரு கதுப்பே 160 கிராம். மாம்பழத்தில் கண்ணளவை நம்பாதீர்கள். இரண்டு மூன்று முறை நிறுத்துப் பார்த்தால் அப்புறம் கண் பழகிவிடும்.

மதிய உணவு முடிந்து நான்கு மணி நேரம் கழித்து, இரண்டு வெவ்வேறு நாட்களில் 100 கிராம் சாப்பிட்டேன். முதல் நாள் வெறும் பழம். சாப்பிடும் முன் ரத்தச் சர்க்கரை 124, ஒரு மணி நேரத்தில் 183, இரண்டு மணி நேரத்தில் 149. இன்னொரு நாள் முதலில் 12 பாதாம், பத்து நிமிடம் கழித்துப் பழம். 121-இல் தொடங்கி ஒரு மணி நேரத்தில் 158, இரண்டு மணி நேரத்தில் 146. ஒரு மணி நேரக் கணக்கில் நல்ல வித்தியாசம் தெரிகிறது, இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். கொழுப்பும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, அதனால் சர்க்கரை குடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஆனால் அந்த 15 கிராம் எங்கேயும் போய்விடுவதில்லை. பாதாம் இருக்கிறதே என்று முழுப் பழம் சாப்பிட்டால், ஏற்றம் தள்ளிப்போய் மூன்றாவது மணி நேரத்தில்கூட இறங்காமல் நிற்கலாம்.

பாதாம்தான் வேண்டும் என்றில்லை. வேர்க்கடலை, வால்நட், வேகவைத்த முட்டை, சர்க்கரை போடாத தயிர் எதுவும் சரி. 12 பாதாமில் சுமார் 80 கலோரி இருப்பதால், கைப்பிடி கைப்பிடியாகப் போகவேண்டாம்.

நான் செய்த பெரிய தப்பு, வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு பழத்தையும் சாப்பிட்டது. அன்று இரண்டு மணி நேரத்தில் 221. அதே உணவில் 15 கிராம் மாவுச்சத்துக்கு ஈடான பங்கைக் குறைத்துவிட்டுப் பழம் சாப்பிட்ட நாளில் 168. மாம்பழம் உணவில் எதற்காவது பதிலாக வரவேண்டும், அதற்கு மேல் கூடுதலாக அல்ல. ஜூஸ் வேண்டவே வேண்டாம். ஒரு டம்ளரில் இரண்டு பழம் தெரியாமல் உள்ளே போய்விடும். உலர்த்திய மாம்பழத்தில் தண்ணீர் போய்ச் சர்க்கரை செறிந்திருக்கும்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருநாள் பழத்தை நறுக்கிவிட்டு, சாப்பிடும் முன் சும்மா துடைத்த விரலில் பார்த்தேன். மீட்டர் 267 காட்டியது. பயந்தேபோனேன். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து மறுபடி பார்த்தால் 126. விரலில் ஒட்டியிருந்த சாறு ரத்தத் துளியோடு கலந்திருக்கிறது. சானிடைசர் அல்லது ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பதை மட்டும் நம்பமுடியாது, தண்ணீரில் கழுவுவதே சரி. இன்சுலின் போடுபவர் அப்படி ஒரு எண்ணை நம்பி அளவைக் கூட்டியிருந்தால் ஆபத்தாகியிருக்கும்.

நீங்களும் இப்படிப் பாருங்கள்: சாப்பிடும் முன், ஒரு மணி நேரம் கழித்து, இரண்டு மணி நேரம் கழித்து. பொதுவாக 180-ஐத் தாண்டாமல் இருக்கச் சொல்வார்கள். தாண்டினால் அடுத்த முறை 70 கிராம் எடுத்துப் பாருங்கள். முன்பே 200-க்கு மேல் இருந்தால் அன்றைக்குப் பழத்தை விட்டுவிடுங்கள்.

சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் பழத்திலும் பாதாமிலும் உள்ள பொட்டாசியம் பிரச்சினையாகலாம், மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் அளவைத் தாங்களாக மாற்றவேண்டாம். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி நடுக்கம் வந்தால், அப்போது பாதாமும் மாம்பழமும் உதவாது. பாதாம் தாமதப்படுத்தும் என்பதுதான் அங்கே இடைஞ்சல். உடனே 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள்.