நிச்சயதார்த்தத் தட்டு வரிசை

கேள்வி: நிச்சயதார்த்தத்தில் எந்தத் தட்டில் என்ன வைப்பது? லக்னப் பத்திரிகை எப்போது மாற்றுவது?

தட்டுகளை ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம். எங்கள் வீட்டில் 7. முதல் தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை, கொட்டைப்பாக்கு, குடுமியோடு தேங்காய். அடுத்து சீப்பு சீப்பாக வாழைப்பழம், பிறகு மற்ற பழங்கள், பூச்சரம், கற்கண்டு, இனிப்பு. மாப்பிள்ளை வீட்டுத் தட்டுகளில் ஒன்று நிச்சயப் புடவைக்கு. வெற்றிலையைக் கடைசியில் அடுக்குங்கள், சீக்கிரம் வாடிவிடும்.

முதலில் மஞ்சள் பிள்ளையாருக்குப் பூஜை. அப்புறம் லக்னப் பத்திரிகையை இரண்டு பிரதி எழுதி, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சபையில் உரக்க வாசிப்பார்கள். இன்னாரின் பேத்தி, இன்னாரின் பேரன், முகூர்த்த நாள், நேரம், இடம் எல்லாம் அதில் வரும். வாசித்த பிறகுதான் முதல் தட்டின்மேல் பத்திரிகையை வைத்து, இரு வீட்டுப் பெற்றோரும் எழுந்து நின்று மாற்றிக்கொள்வார்கள். புடவைத் தட்டு பெண் கைக்குப் போகும். அவள் உடுத்திக்கொண்டு வந்ததும் பூச்சூட்டி, குங்குமம் வைப்பார்கள்.

சிக்கல் வருவது பெரும்பாலும் பத்திரிகையில்தான். என் தங்கை நிச்சயத்தில் தாத்தா பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள், வாசிக்கும்போதுதான் தெரிந்தது. மறுபடி எழுதி முடிப்பதற்குள் நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம்தான் பாக்கி. பெயர்களை முந்தைய நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.