பிங்கில் இழப்பே இல்லை, வேகம் மட்டும் ஏன் விழுகிறது?

கேள்வி: அலுவலகத்தில் 50 எம்பிபிஎஸ் லைன். அமெரிக்காவில் இருக்கும் லினக்ஸ் சர்வருக்கு scp-யில் பேக்கப் அனுப்பினால், தொடக்கத்தில் 6 MB/s வரை போகிறது. அப்புறம் சட்டென்று 4-க்கு விழுந்து, மெதுவாக ஏறி, மறுபடி விழுகிறது. சில நேரம் stalled என்றே நின்றுவிடுகிறது. உள்ளூர் சர்வருக்கு அனுப்பினால் பிரச்சினையே இல்லை. 100 பிங் அடித்துப் பார்த்தேன், ஒன்றுகூட இழக்கவில்லை. லைனில் கோளாறா?

பதில்: லைனில் சிறு இழப்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் 100 பிங்கில் அது தெரியாது. அனுப்பும் பக்கத்து டிசிபி அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

பதில் வராமலே எத்தனை பாக்கெட்டை வழியில் விட்டுவைக்கலாம் என்று அனுப்பும் உங்கள் கணினி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதுதான் நெரிசல் சாளரம், திரையில் cwnd. அமெரிக்காவுக்குப் போய்வர 200 மில்லிசெகண்ட் என்று வைப்போம். 50 எம்பிபிஎஸ் முழுதாக நிரம்ப, எந்நேரமும் 1.25 MB வழியில் இருக்க வேண்டும். அதாவது சுமார் 856 பாக்கெட்.

லினக்ஸ் தொடங்குவது 10 பாக்கெட்டில். சேர்ந்ததாக ஏக் வரும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சாளரம் ஒன்று கூடுவதால், ஒரு சுற்றுக்கு இரட்டிப்பாகிறது: 10, 20, 40, 80 என்று போய் ஏழாவது சுற்றில் 856-ஐத் தாண்டிவிடும். மொத்தம் 1.4 செகண்ட். இதற்குப் பெயர் ‘ஸ்லோ ஸ்டார்ட்’. பெயரில்தான் ஸ்லோ.

இப்போது ஒரு பாக்கெட் தொலைகிறது. அதற்குப் பின்னால் போனவை சேர்ந்ததால், ஒரே ஏக் திரும்பத் திரும்ப வருகிறது. மூன்று முறை வந்ததும், டைமருக்குக் காத்திருக்காமல் தொலைந்ததை மறுபடி அனுப்பிவிட்டு, சாளரத்தையும் சுருக்குகிறது. பழைய ரீனோ முறையில் பாதி, அதாவது 428. அங்கிருந்து நெரிசல் தவிர்ப்புக் கட்டம்: ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு பாக்கெட் கூடும். இழந்த 428-ஐத் திரும்பப் பிடிக்க 428 சுற்று, ஏறக்குறைய 86 செகண்ட்! இவ்வளவு பயம் தேவையா என்று தோன்றும். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், வேகம் 32 கேபிபிஎஸ்ஸிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. அதைப் பார்த்த பிறகு வான் ஜேகப்சன் கொண்டுவந்த கட்டுப்பாடு இது.

இன்றைய லினக்ஸில் இயல்பாக இருப்பது கியூபிக். அது 70 சதவீதத்துக்குத்தான் இறக்கும்: 856 → 599. உங்கள் 6 MB/s, 4-க்கு விழுவது இதுதான். பழைய உயரத்துக்குத் திரும்ப இந்தக் கணக்கில் 8.6 செகண்ட் ஆகும்.

பத்தாயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் செகண்டுக்கு 4,280 பாக்கெட் போவதால், இரண்டரை செகண்டுக்குள் அடுத்த இழப்பு வந்துவிடும். ஏறி முடிக்க 8.6 செகண்ட் வேண்டும், கிடைப்பதோ இரண்டரை. இப்படியே இறங்கி, சராசரி 18 எம்பிபிஎஸ் அளவில் நிற்கும். உள்ளூர் சர்வர் 5 மில்லிசெகண்டில் இருந்தால் சாளரம் 21 பாக்கெட் போதும். பாதியாக வெட்டினாலும் கண் இமைப்பதற்குள் மீண்டுவிடும். அதே இழப்பு அங்கேயும் இருக்கலாம், உங்களுக்குத் தெரியாது.

stalled வருவது வேறு கதை. கொத்தாகப் பாக்கெட் போய், ஏக் எதுவுமே வராவிட்டால் டைமர் முடியும். அப்போது சாளரம் 1. மறுபடியும் அனுப்பியது தொலைந்தால் காத்திருப்பு ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாகும். மீண்ட பிறகு ssthresh என்ற எல்லை வரை ஸ்லோ ஸ்டார்ட், அதற்கு மேல் நிதான ஏற்றம்.

காப்பி ஓடும்போதே, அனுப்பும் கணினியில் இதை அடித்துப் பாருங்கள் (முகவரியை மட்டும் மாற்றுங்கள்):

```
watch -n1 'ss -tin dst 203.0.113.10'
```

வரும் நீண்ட வரியில் இவ்வளவு போதும்:

```
cubic rtt:201/1 cwnd:599 ssthresh:599 retrans:0/4
```

வேகம் விழும் அதே நொடியில் retrans-இன் இரண்டாவது எண் கூடி, cwnd இறங்கினால் காரணம் இழப்புதான். அந்த எண் அசையாமல் வேகம் மட்டும் குறைந்தால் சந்தேகத்தை டிஸ்க் பக்கம் திருப்புங்கள்.

இழப்பு உறுதியானால் முதலில் `ip -s link`-இல் errors ஏறுகிறதா என்று பாருங்கள். வைஃபையில் இருந்தால் ஒருமுறை கேபிளில் அனுப்பிப் பாருங்கள். உடனே வேலை நடக்க வேண்டுமென்றால் பேக்கப்பை நான்காகப் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்புங்கள். ஒரு பாக்கெட் தொலைந்தால் நான்கில் ஒன்றின் சாளரம்தான் சுருங்கும். கியூபிக்குக்குப் பதிலாக வைக்கக்கூடிய, கூகுள் 2016-இல் வெளியிட்ட பிபிஆர் முறை, தனித்தனி இழப்புகளுக்கு இப்படி அஞ்சாது. அதை இயக்க வேண்டியது அனுப்பும் பக்கத்தில், அதாவது உங்கள் அலுவலகக் கணினியில். அமெரிக்க சர்வரில் மாற்றி இந்தக் காப்பிக்குப் பயனில்லை.