தேர்வு எழுதாத மாணவருக்கு மொத்தம் தவறாக வருகிறது

"எக்செல்லில் மதிப்பெண் பதிவேடு வைத்திருக்கிறேன். காய்ச்சலில் இடைத்தேர்வைத் தவறவிட்ட நல்ல மாணவியும் தேறாதவர் பட்டியலில் வருகிறாள். என்ன செய்வது?"

காலிக் கட்டத்தைப் பூஜ்யமாகக் கூட்டுவதுதான் கோளாறு. 2ஆம் வரிசையில் ஒவ்வொரு தேர்வின் முழு மதிப்பெண், 3ஆம் வரிசையில் அதன் பங்கு, 4 முதல் மாணவர்கள் என வைத்துக்கொள்ளுங்கள். F4-இல் இதை இடுங்கள்:

```
=100*SUMPRODUCT(B4:E4,B$3:E$3/B$2:E$2)/SUMPRODUCT(--ISNUMBER(B4:E4),B$3:E$3)
```

கீழ்ப்பகுதி, எழுதிய தேர்வுகளின் பங்கை மட்டும் கூட்டுகிறது. ஒப்படைப்பில் 20க்கு 16 (பங்கு 10), முதல் தேர்வில் 50க்கு 30 (பங்கு 20) என்றால் கிடைப்பது 8 + 12 = 20. இதை 30ஆல் வகுத்தால் 66.7 சதவீதம், வெறும் கூட்டலோ 20 என்று பயமுறுத்தும். டாலர் குறியை விட்டுவிடாதீர்கள். சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது பங்கு வரிசையும் நழுவிவிடும்.

இதில் ஓர் ஓட்டை உண்டு: கடினமான தேர்வுக்கு மட்டம் போட்டவருக்கும் இது சலுகை தரும். தக்க காரணம் இருந்தால் கட்டத்தைக் காலியாக விடுங்கள், இல்லையேல் 0 இடுங்கள். G4-இல் அந்தக் கீழ்ப்பகுதியைத் தனியே போட்டால், சதவீதம் எவ்வளவு பங்கை நம்பி நிற்கிறது என்பது தெரியும்.

தடுமாறுபவர்களைக் காட்ட, F4 முதல் கீழுள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுத்து, நிபந்தனை வடிவமைப்பில் இதை இடுங்கள்:

```
=AND(ISNUMBER($F4),$F4<45)
```

தேர்ச்சிக்கு 35 என்றாலும் எல்லையை 45இல் வைப்பதே என் வழக்கம். 35இல் வைத்தால் சிவப்பு தெரியும்போது ஆண்டிறுதித் தேர்வே வந்திருக்கும். G 30க்குக் கீழ் இருப்பவர்களை நிறம் பார்த்து முடிவுகட்டாமல் நேரில் விசாரியுங்கள்.