மழைக்கால அரிப்பு: பேன்ட்டும் ஷூவும் மாறட்டும்

கேள்வி: மழை தொடங்கினாலே என் கால் சுண்டுவிரல் இடுக்கு வெள்ளையாக ஊறிப்போய் அரிக்கிறது. தினமும் சேற்றுத் தெருவில் நடந்துதான் வேலைக்குப் போகிறேன். ஜீன்ஸும் கேன்வாஸ் ஷூவும் போடுவேன். களிம்பு தடவினால் குறைகிறது, மறுபடி வந்துவிடுகிறது. என்ன செய்வது, டாக்டர்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பூஞ்சைத் தொற்றாகத்தான் இருக்க வேண்டும். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் காற்றே போகாது, அதனால் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கேன்வாஸ் ஷூ ஒருமுறை நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. நீங்கள் களிம்பு தடவிய காலை மறுநாள் அதே ஈரத்துக்குள் நுழைக்கிறீர்கள்.

மழை நாளில் குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த, அடியில் ஆழமான வெட்டுகள் உள்ள ரப்பர் சாண்டல் போடுங்கள். அடி தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் வேறு வாங்குங்கள். ஹவாய் செருப்பு வேண்டாம்; சேற்றில் வழுக்கும், பின்னங்காலில் சேற்றை வாரி அடிக்கும். காலில் வெட்டோ வெடிப்போ இருந்தால் மட்டும் கதை வேறு. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியாக எலிக்காய்ச்சலைக் கொண்டுவரலாம். அப்போது தண்ணீர் புகாத பிளாஸ்டரை ஒட்டி, ரப்பர் பூட்ஸ் போட்டு நடந்து, போய்ச் சேர்ந்ததும் கழற்றிவிடுங்கள். நாள் முழுக்கப் போட்டிருந்தால் உள்ளே வியர்த்து அதே கதைதான்.

ஜீன்ஸ் தடித்த பருத்தி. அதன் நூல் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும், ஓரம் நனைந்தாலே கெண்டைக்கால் வரை ஈரம் ஏறும். பாலியஸ்டர், நைலான் இழைகள் தண்ணீரை அவ்வளவாக உள்ளே வாங்காது, அதனால் மெல்லிய துணியாக இருந்தால் சீக்கிரம் காயும். பேன்ட்டின் ஓரம் கணுக்கால் எலும்புக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும். அதற்குக் கீழே தொங்கினால் சேறு பிடிக்கும், படி இறங்கும்போது குதிகாலுக்கு அடியில் மாட்டி விழ வைக்கும். ரொம்ப அகலமான அடிப்பகுதியும் இதே தொல்லைதான். உள்ளாடை மட்டும் தளர்வான மெல்லிய பருத்தியாகவே இருக்கட்டும், மாற்றுக்கு ஒன்று பையில் இருக்கட்டும். தொடையிடுக்கிலும் இதே பூஞ்சை வரும்.

வேலைக்குப் போனதும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு விரல் இடுக்கையும் துண்டால் ஒற்றித் துடையுங்கள். அப்புறம் குளோட்ரிமசோல் களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். காலை, மாலை இரண்டு வேளை. பொதுவாக நான்கு வாரம் தேவைப்படும். அரிப்பு நின்றதும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், திரும்பி வர அதுவும் ஒரு காரணம். ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டாம். அரிப்பை அடக்கும், பூஞ்சையைப் பரவ விடும்.

சர்க்கரை நோய் இருந்தால் களிம்போடு காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். கால் சிவந்து வீங்கி, சூடாக வலி ஏறினாலும் அப்படியே. சேற்றுத் தண்ணீரில் நடந்த பிறகு ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், தண்ணீரில் நடந்த விஷயத்தை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.