நேர்சரிப் பிரிவுக்கான அனுமதி: பெற்றோரின் கேள்விகளும் பொறுப்பாசிரியையின் பதில்களும்

மட்டக்களப்பில் இயங்கும் எமது பாலர் பாடசாலையின் நேர்சரிப் பிரிவுக்கு [தொடக்கத் திகதி] முதல் [இறுதித் திகதி] வரை விண்ணப்பங்கள் ஏற்கப்படும். [திகதி] அன்று மூன்று வயது பூர்த்தியான பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் தடுப்பூசி விபரம் உள்ள வளர்ச்சிப் பதிவேட்டையும் கொண்டு வாருங்கள்.

கல்லடியிலிருந்து ஒரு தாய்: டீச்சர், பிள்ளைகள் மண்ணிலேயே விளையாடுகிறார்கள் என்கிறார்கள். 'அ' எப்போது எழுதப் பழக்குவீர்கள்?

'அ' என்பது சுழித்து, வளைந்து, திரும்பி, இறுதியில் நேர்க்கோடாக இறங்கும் எழுத்து. மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டும் விரல்களும் அத்தனை திருப்பங்களைத் தாங்கும் அளவுக்கு இன்னும் உறுதிப்பட்டிருப்பதில்லை. எம்மிடம் வந்த ஒரு பிள்ளை, வீட்டில் பழக்கியதால், பென்சிலைக் கைப்பிடிக்குள் இறுக்கிப் பிடித்துத் தாள் கிழியும்வரை அழுத்தி எழுதுவாள். இரண்டு வரி முடியுமுன் கையை உதறுவாள். பென்சிலை ஒதுக்கிவிட்டு, களிமண் உருட்டவும், சிரட்டையில் தண்ணீர் முகந்து சிந்தாமல் ஊற்றவும், துணிக்கவ்வியை இரு விரலால் அழுத்திக் கயிற்றில் மாட்டவும் விட்டோம். புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குழிகளில் போடும்போது எண்ணவும் தொடங்கினாள். சில மாதங்களுக்குப் பின் பென்சிலைக் கொடுத்தபோது, யாரும் சொல்லாமலே மூன்று விரல்களால் பிடித்தாள். முதலில் மணலில் விரலால் 'ட', 'ப' போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளை வரைந்தாள். 'அ' பின்னரே வந்தது.

ஒரு தந்தை: முதலாம் தரத்துக்குப் பிள்ளைக்குப் பரீட்சை வைப்பார்கள்தானே? எழுதத் தெரியாவிட்டால் பெரிய பாடசாலையில் இடம் கிடைக்குமா?

நேர்முகம் நடப்பது உண்மை. ஆனால் அரச பாடசாலைகளில் அது வதிவிடம், உடன்பிறந்தோர், பழைய மாணவர் போன்ற தகுதிகளுக்கான ஆவணங்களைப் பார்ப்பதற்கே, பிள்ளையின் எழுத்தைப் பார்ப்பதற்கல்ல. எனவே கொப்பியை விட வதிவிட ஆவணங்களை இப்போதே ஒழுங்காக வைத்திருங்கள்.

ஒரு பாட்டனார்: என் பேரன் இடக்கையால்தான் எல்லாம் செய்கிறான். விளையாட்டால் அதை மாற்றலாமா?

மாற்ற வேண்டாம் ஐயா. வலக்கைக்கு வற்புறுத்தினால் அவன் எழுதுவதையே வெறுக்கக்கூடும். தாளைச் சற்றுச் சாய்த்து வைத்து, வலக்கைப் பிள்ளையோடு முழங்கை இடிபடாமல் உட்கார வைத்தால் போதும். எந்தக் கையாலும் சிறு பொருளை எடுக்கத் தடுமாறினால் மட்டும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

அதே தந்தை மீண்டும்: எதற்கும் மாலையில் ரியூசனும் அனுப்பலாமே?

அது உங்கள் முடிவு. எம்மிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய் அவனை ரியூசனுக்கும் அனுப்பியே வருகிறார், பிள்ளையும் அழாமல் போகிறான். இருந்தாலும் காலையில் அவன் களிமண் மேசைக்கு வர மறுப்பது ஏன் என்று அவரோடு இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். வேண்டுமானால் [திகதி] அன்று காலை [நேரம்] மணிக்கு வந்து ஒரு வகுப்பைப் பின்வரிசையிலிருந்து பாருங்கள்.