நாலு பிள்ளைகளில் கையெழுத்து யாருடையது?

கேள்வி: என் மாமியாருக்கு வயது 78. பக்கவாதம் வந்து பதினொரு மாதமாகக் குடியாத்தத்தில் எங்களிடம் படுக்கையில் இருக்கிறார். கொழுந்தனார் ஓசூரில்; நாத்தனார் இருவர் ஆரணியிலும் வாலாஜாவிலும். பிள்ளைகள் நால்வரும் பொறுப்பைச் சமமாகப் பகிர்ந்துகொள்ளக் கேட்டு, யார் மனமும் நோகாதபடி ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்துள்ளேன். மாமியார் வீட்டை என் கணவருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்ததை அதில் குறிப்பிடவில்லை. அனுப்பலாமா?
– குடியாத்தம் வாசகி

பதில்: இப்படியே அனுப்ப வேண்டாம். நீங்கள் சொல்லாமல் விட்ட அந்த வீட்டைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள். "வீட்டை எழுதி வாங்கியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று வாலாஜாவிலிருந்து ஒரு குரல் வந்துவிட்டால், மற்ற மூன்று பக்கங்களையும் யாரும் படிக்கமாட்டார்கள். ஆகவே முதல் பத்தியிலேயே நீங்களாக அதைச் சொல்லி, அதற்கு ஈடாக உங்கள் வீடு எவ்வளவு கூடுதலாகச் சுமக்கிறது என்றும் எழுதிவிடுங்கள். நீங்கள் கணக்குக் காட்டியபடி மாதச் செலவு 15,000 ரூபாய் என்றால் அதை ஐந்து பங்காக்கி, வீட்டைப் பெற்ற உங்கள் கணவர் இரண்டு பங்காக 6,000 ரூபாயும், மற்ற மூவர் ஆளுக்கு 3,000 ரூபாயும் தருவது என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு வேலை இருக்காது. அத்தை பராமரிப்பை நிபந்தனையாக வைத்து வீட்டை எழுதிக் கொடுத்திருந்தால், பராமரிப்பு தவறும்போது அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது என்பதால், பத்திரத்தை எடுத்து ஒரு முறை படித்துப் பார்ப்பது உங்கள் கணவருக்கும் நல்லது.

அடுத்தது கையெழுத்து. அதே சட்டம் பராமரிக்கக் கடமைப்பட்ட பிள்ளைகள் என்று மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி ஆகியோரைச் சொல்கிறது. அந்த வரிசையில் மருமகள் இல்லை. திருமணமாகிப் போனதால் மகளின் கடமை தீர்ந்துவிடாது என்று உச்ச நீதிமன்றமும் 1987லேயே சொல்லிவிட்டது. நீங்களோ "தப்பாக நினைக்க வேண்டாம்" என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். கடன்பட்டவர்களிடம் கடன்படாதவர் மன்னிப்புக் கேட்பது என்ன முறை? அந்த மூன்றையும் அடித்துவிட்டு, கடிதத்தை உங்கள் கணவர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திடட்டும். அவர் தயங்குகிறார் என்றால், உங்கள் முதல் கடிதம் ஓசூருக்குப் போக வேண்டியதில்லை. அடுத்த அறைக்குப் போக வேண்டும்.

"கொஞ்சம் உதவியாக இருந்தால் நன்றாக இருக்கும்" என்ற வரியும் பயன்படாது. பொங்கலுக்கு வந்து, ஆப்பிள் ஒரு கிலோ வாங்கி வைத்துவிட்டுப் போவதும் உதவிதானே. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பதையும், அதனால் இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று நீங்கள் எழுந்திருப்பதையும் அப்படியே எழுதுங்கள். முதுகின் கீழே எலும்பு மேடிட்ட இடத்தில் தோல் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை நடு இரவில் விளக்கைப் பிடித்துப் பார்ப்பவர் யார் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். பணத்தைவிடப் பெரிய சுமை இந்த இரவுகள்தான். ஆகவே ஆரணி நாத்தனார் மாதத்தில் நான்கு இரவு, வாலாஜா நாத்தனார் நான்கு இரவு, கொழுந்தனார் இரண்டு சனி இரவு என்று நாளைக் குறித்துக் கேளுங்கள். வாலாஜாக்காரர் தம் வீட்டிலும் ஒரு மாமியாரைப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரால் வர முடியாத இரவுக்கு ஆள் வைக்கும் கூலியைத் தரட்டும். கைக்காசு இல்லாதவர் பணத்துக்குப் பதிலாக நாட்களைக் கூட்டிக்கொள்ளட்டும்.

மாதம் ஒரு வீடு என்று முறை வைத்து அனுப்பும் உங்கள் யோசனையில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. சாய்த்து நிமிர்த்தும் கட்டில், காற்று மெத்தை, மருந்துச் சீட்டு, பிசியோதெரபிக்கு வருபவர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறபோது, பாதி உடம்பு வராத ஒருவரை மாதாமாதம் வண்டியில் ஏற்றி இறக்குவது அவருக்குத் தண்டனையாகிவிடும். பிள்ளைகள் இடம் மாறி வரலாம்; அத்தை மாற வேண்டாம்.

ஒன்று கேட்க மறந்தேன். பேச்சு குழறினாலும் எல்லாம் அவருக்குப் புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தபாலில் சேர்க்கும் முன் இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினீர்களா? ஆரணி மகள் வீட்டில் பத்து நாள் இருக்க வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டால் நான் மேலே சொன்னதைத் தள்ளிவிட்டு அழைத்துப் போங்கள். காற்று மெத்தை மட்டும் ஒரு நாள் முன்னதாகவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கட்டும்.