உணவகத்தின் மாத பட்ஜெட்டும் உண்மைச் செலவும்: கேள்வி பதில்

சிறு உணவக உரிமையாளர்: அம்மா, மாதம் 10,00,000 விற்பனை ஆகும், அதில் மூலப்பொருளுக்கு 3,20,000 போகும் என்று பட்ஜெட் போட்டிருந்தேன். விற்பனை 9,00,000தான் ஆனது. மூலப்பொருள் செலவு 3,15,000. கணக்கு 5,000 மிச்சம் என்கிறது. கையில் பணமோ நிற்கவில்லை. என்ன நடந்தது?

பதில்: அந்த 5,000 மிச்சமே அல்ல. 10,00,000 விற்றால் ஆகக்கூடிய செலவையும் 9,00,000 விற்றதற்கு ஆன செலவையும் நீங்கள் அருகருகே வைத்துக் கழித்திருக்கிறீர்கள். இரண்டும் வெவ்வேறு அளவு சமையலுக்கானவை. விற்பனையோடு சேர்ந்து ஏறி இறங்கும் செலவுகளை ஒப்பிடும் முன், பட்ஜெட்டை உண்மையான விற்பனைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ள வேண்டும். உங்கள் பட்ஜெட்டின்படி மூலப்பொருள் 32 சதவீதம். 9,00,000 விற்பனைக்கு அது 2,88,000. நீங்கள் செலவழித்தது 3,15,000, அதாவது 35 சதவீதம். ஆகவே உண்மை நிலை 5,000 மிச்சம் அன்று, 27,000 கூடுதல்.

விற்பனை குறைந்ததால் இழந்த வரவு வேறு, இந்த 27,000 வேறு. முதலாவதற்கான விடை வாடிக்கையாளர் பக்கம் இருக்கிறது. இரண்டாவதற்கான விடை சமையலறையிலும் சரக்கு அறையிலும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வரியில் கலந்துவிட்டால் எதையும் பிடிக்க முடியாது.

அதே உரிமையாளர்: சரி, அந்த 27,000ஐ எங்கிருந்து தேடத் தொடங்குவது? எங்கள் கொள்முதலில் பெரியது கோழிக்கறி. மாதத் தொடக்க இருப்பு 80 கிலோ, வாங்கியது 645 கிலோ, கடைசி நாள் இருப்பு 65 கிலோ. பட்ஜெட்டில் கிலோ 200 என்று போட்டேன், 210க்குத்தான் கிடைத்தது. ஒரு தட்டுக்கு 200 கிராம் வீதம் 3,000 தட்டு விற்றோம்.

பதில்: பெரிய சரக்கிலிருந்து தொடங்கியது சரி. பயன்படுத்திய அளவு 80 கூட்டல் 645 கழித்தல் 65, அதாவது 660 கிலோ. கிலோ 210 வீதம் அதற்கு 1,38,600 ஆகியிருக்கிறது. 3,000 தட்டுக்கு வேண்டியது 600 கிலோ. பட்ஜெட் விலையில் அது 1,20,000. ஆகக் கோழிக்கறியில் மட்டும் 18,600 கூடுதல்.

இதை இரண்டாகப் பிரியுங்கள். கிலோவுக்கு 10 கூடுதலாகக் கொடுத்து 660 கிலோ பயன்படுத்தியதால் வந்தது 6,600. மீதி 12,000, விற்ற தட்டுகளுக்குத் தேவையானதைவிட 60 கிலோ கூடுதலாகச் செலவானதால் வந்தது. முன்னதற்கு வாங்குபவர் பதில் சொல்ல வேண்டும், பின்னதற்குச் சமையலறை பதில் சொல்ல வேண்டும். பிரிக்காமல் மொத்தத் தொகையைச் சொல்லிக் கேட்டால், இருவரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள்.

வேறொரு உரிமையாளர்: இவ்வளவு பிரிப்பது எதற்கு? விலைவாசி ஏறிவிட்டது, அவ்வளவுதான். எங்கள் கடையில் மெனு விலையை ஏற்றினோம், சதவீதம் பழையபடி வந்துவிட்டது.

பதில்: விலை ஏறியது என்று நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இவருடைய 18,600இல் விலையின் பங்கு 6,600 மட்டுமே. மெனு விலையை ஏற்றினால் சதவீதம் இறங்கும் என்பதும் சரிதான். காணாமல் போகும் 60 கிலோ மட்டும் அப்படியே காணாமல் போய்க்கொண்டிருக்கும், அதை இனி வாடிக்கையாளரின் பணம் மூடி மறைக்கும். உங்கள் கடையில் சதவீதம் பழையபடி வந்ததைக் கொண்டு அளவு சரியாக இருக்கிறது என்று முடிவுகட்ட இயலாது. ஒரே ஒரு சரக்குக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு சொல்லுங்கள்.

சமையல் பொறுப்பாளர் ஒருவர்: நான் சமையலறையில் நிற்பவன். 60 கிலோ கூடுதல் என்றதும் எல்லாரும் எங்கள் கையைப் பார்க்கிறீர்கள். அந்த 200 கிராம் வாங்கும் எடையா, சுத்தம் செய்த எடையா என்று யாரும் கேட்கவில்லையே?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி இது. சமையல் குறிப்பு அட்டையில் பெரும்பாலும் சுத்தம் செய்த எடைதான் இருக்கும். இருப்புப் பதிவேட்டில் வாங்கிய எடை இருக்கும். தோல், கொழுப்பு, வடியும் நீர் என்று 9 சதவீதம் கழிவு போனால் 660 கிலோவில் சுமார் 600 கிலோதான் சட்டிக்குள் போயிருக்கும், அந்த 12,000 வித்தியாசம் முழுவதும் மறைந்துவிடும். அப்போது தவறு சமையலறையில் இல்லை. பட்ஜெட் போட்டபோதே தட்டுக்கான அளவு குறைத்து எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள்.

விலை மலிவு என்று சரக்கு தருபவரை மாற்றும் மாதங்களிலும் இதைக் கவனிக்க வேண்டும். விலை வித்தியாசம் சாதகமாகவும் அளவு வித்தியாசம் பாதகமாகவும் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்தால், புதிய சரக்கில் கழிவு அதிகமா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். ஊகிக்கத் தேவையில்லை: சரக்கு வந்திறங்கும் சில நாள்களில் 10 கிலோவைத் தனியே எடுத்து, சுத்தம் செய்யும் முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் போதும்.

முதலில் கேட்ட உரிமையாளர்: அட்டையில் இருப்பது சுத்தம் செய்த எடைதான். நிறுத்துப் பார்த்தோம், 10 கிலோவுக்கு 9.6 கிலோ நிற்கிறது. அப்படியானால் மீதி?

பதில்: 600 கிலோ சுத்தமான கறிக்கு 625 கிலோ வாங்க வேண்டும். எனவே 60 கிலோவில் 25 கிலோவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதற்கான 5,000ஐ அடுத்த மாத பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது மாதந்தோறும் பொய் வித்தியாசமாக வந்து நிற்கும். மீதமுள்ள 35 கிலோதான் உண்மையான புதிர்.

தட்டுக்குத் தட்டு கை கூடுதலாக விழுகிறதா, கெட்டுப்போய்க் கொட்டியது எழுதப்படவில்லையா, பணியாளர் சாப்பாடா, பில் போடாமல் வெளியே போனதா, இருப்பே தவறாக எண்ணப்பட்டதா என்பதை மாத இறுதி எண் ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அது வரும் விதம் துப்புக் கொடுக்கும். இந்த ஒரு சரக்கை மட்டும் வாரந்தோறும் எண்ணுங்கள். விற்ற தட்டுகளின் எண்ணிக்கையோடு சேர்ந்தே வித்தியாசமும் ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் பரிமாறும் அளவு. 35 கிலோவைத் தட்டுகளுக்குப் பங்கிட்டால் சுமார் 12 கிராம்தான் வருகிறது, கண் அளவில் தெரியவே தெரியாது, தராசில்தான் தெரியும். கூட்டம் குறைந்த வாரத்தில் வித்தியாசம் கூடினால், தேவைக்கு மேல் தயாரித்துக் கொட்டுகிறீர்கள். ஒரு வாரம் மிகுந்து அடுத்த வாரம் அதே அளவு குறைந்தால், சரக்கு எங்கும் போகவில்லை. எண்ணியவர் உறைபெட்டியின் அடித்தட்டைப் பார்க்கவில்லை. குறிப்பிட்ட சிலர் பணியில் இருக்கும் நாள்களில் மட்டும் கூடினால் அதன் பொருள் உங்களுக்கே புரியும். ஆனாலும் ஒரு மாத எண்ணை வைத்து யாரையும் குற்றம் சொல்லாதீர்கள்.

சமையல் பொறுப்பாளர்: பணியாளர் சாப்பாட்டை மூலப்பொருள் செலவில் காட்டுவது எங்களுக்கு அநியாயம். அதைச் சம்பளத்தோடு சேர்க்க வேண்டும்.

பதில்: எழுதிவைத்துக் கழிப்பதாக இருந்தால் எந்தக் கணக்கில் சேர்த்தாலும் எனக்கு ஒப்புதல்தான். சம்பளத்தில் வைத்தால் சமையலறையின் எண் தெளிவாக இருக்கும். மூலப்பொருளில் வைத்தால் சாப்பாட்டு அளவைச் சமையலறையே கட்டுப்படுத்தும். உங்கள் கட்சிக்கும் நியாயம் உண்டு, உரிமையாளர் கட்சிக்கும் உண்டு. பட்ஜெட்டில் ஓரிடத்திலும் உண்மைச் செலவில் வேறிடத்திலும் வைப்பதுதான் கூடாது.

செயலி வழி விற்பனை அதிகமுள்ள ஒருவர்: எனக்கும் 35 சதவீதத்துக்கு மேல் போகிறது. ஆனால் கறி, எண்ணெய் எல்லாம் நிறுத்துப் பார்த்தாயிற்று, சரியாகவே இருக்கிறது. செயலியிலிருந்து கமிஷன் போக வங்கியில் வரும் தொகையை விற்பனையாக எழுதுகிறேன்.

பதில்: உங்கள் சமையலறையில் கசிவே இல்லாமல் இருக்கலாம், விற்பனையை எழுதும் முறையில்தான் கோளாறு. 100க்கு விற்ற உணவில் மூலப்பொருள் 32 என்று வைத்துக்கொள்வோம். 20 கமிஷன் போக வந்த 80ஐ விற்பனையாக எழுதினால், அதே 32 இப்போது 40 சதவீதமாகத் தெரியும். விற்பனையில் முழு 100ஐயும், செலவில் கமிஷனைத் தனி வரியாகவும் எழுதுங்கள். தள்ளுபடியையும் அப்படியே தனி வரியில் காட்டுவது நல்லது. செயலியின் பங்கு எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பது அப்போது கமிஷன் வரியிலேயே தெரியும்.

மற்றொருவர்: அப்படியென்றால் சம்பளத்தையும் விற்பனைக்கு ஏற்பக் குறைத்துத் திருத்திப் பார்க்கலாமா?

பதில்: முழுவதையும் குறைக்கக் கூடாது. கடையைத் திறந்து வைக்கவே தேவைப்படும் ஆள்களின் சம்பளம் விற்பனை குறைந்தாலும் குறையாது. கூட்டத்துக்காகக் கூப்பிடும் பகுதிநேர ஆள்களையும் கூடுதல் நேரப் படியையும் மட்டும் திருத்துங்கள். அந்தப் பகுதியையும் தொகையில் பார்ப்பதைவிட மணிக்கணக்கில் பார்ப்பது எளிது.

இன்னொருவர்: எங்கள் மின் கட்டணம் ஒரு மாதம் பட்ஜெட்டில் பாதிதான் வருகிறது, அடுத்த மாதம் ஒன்றரை மடங்கு ஆகிறது. ஏன்?

பதில்: பணம் கட்டிய மாதத்தில் எழுதுகிறீர்கள். பயன்படுத்திய மாதத்தில் எழுதுங்கள். பில் வராவிட்டால் மீட்டர் அளவை வைத்து மதிப்பிட்டு எழுதலாம்.

முதலில் கேட்ட உரிமையாளர்: 27,000இல் கோழிக்கறி 18,600 போக 8,400 பாக்கி இருக்கிறதே, அம்மா? விற்ற தட்டுகளையெல்லாம் அட்டைப்படி கணக்குப் போட்டபோது 2,93,000 வந்தது, 2,88,000 வரவில்லை.

பதில்: அப்படியானால் அதில் 5,000 வீணானது அல்ல. மூலப்பொருள் பங்கு அதிகமுள்ள வகைகள் நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் விற்றிருக்கின்றன. இதைக் கெட்ட செய்தி என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். 250க்கு விற்று 100 செலவாகும் தட்டில் 40 சதவீதம் போகிறது, ஆனால் 150 நிற்கிறது. 100க்கு விற்று 25 செலவாகும் தட்டில் 25 சதவீதம்தான் போகிறது, நிற்பதோ 75. எந்த வகை தட்டுக்கு எவ்வளவு நிறுத்துகிறது என்று பார்த்த பிறகே மெனுவில் கை வையுங்கள்.

மீதி 3,400 பல சிறு சரக்குகளில் சிதறிக் கிடக்கும். அதைத் தேட உங்கள் நேரம்தான் வீணாகும். அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் ஒரே திசையில் வந்தால் மட்டும் எடுத்துப் பாருங்கள். இப்போதைக்கு அந்த 35 கிலோவுக்கு வாராந்தர எண்ணிக்கையைத் தொடங்குங்கள். எண்ணுபவர் சமைப்பவராகவும் வாங்குபவராகவும் இல்லாதிருப்பது நல்லது.